தாடையோரத் தொய்வுக்கு நூல் சிகிச்சை: பலன் ஏன் கொஞ்சம், ஏன் கொஞ்ச காலம்?

முள் வைத்த மருத்துவ நூல்களைக் கன்னத்துத் தோலுக்கு அடியில் செலுத்தி, கீழே இறங்கிய சதையை மேல்நோக்கி இழுத்து நிறுத்தும் சிகிச்சைக்கு ‘த்ரெட் லிஃப்ட்’ என்று பெயர். கத்தி இல்லை, தையல் இல்லை, முழு மயக்கம் இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அன்றே வீடு திரும்பலாம். தாடையோரம் தொங்கத் தொடங்கிய நாற்பது வயதுக்காரர்களை இது ஈர்ப்பதற்கு இவையே காரணம்.

ஆனால் இந்தச் சிகிச்சையில் சதை ஏறுவது சில மில்லிமீட்டர்தான். அந்த ஏற்றமும் பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் மறைந்துவிடுகிறது. ‘நூல் கரைந்துவிடுகிறது, அதனால்தான்’ என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அது பாதி உண்மைதான். மீதிக் காரணம் நூலில் இல்லை, நூல் பிடித்திருக்கும் சதையில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள முதலில் தொய்வு எப்படி உண்டாகிறது என்று பார்க்க வேண்டும்.

கீழ்முகம் எப்படித் தொய்கிறது

கன்னத்தில் மேலே தோல், அதன் அடியில் கொழுப்பு, அதற்கும் கீழே தசையும் சவ்வும் கலந்த ஒரு மெல்லிய படலம் என அடுக்கடுக்காக இருக்கிறது. இந்தப் படலத்தை 1976-இல் மிட்ஸ், பெய்ரோனி என்ற பிரெஞ்சு மருத்துவர்கள் தெளிவாக விவரித்தார்கள். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து இதை ‘ஸ்மாஸ்’ என்கிறார்கள். முகத்தசைகளை இயக்கும் நரம்பின் கிளைகள் கன்னத்தில் இந்தப் படலத்துக்கு அடியில் ஓடுகின்றன.

இந்த அடுக்குகள் எல்லா இடத்திலும் ஒன்றன்மேல் ஒன்று தாராளமாக வழுக்குவதில்லை. சில குறிப்பிட்ட இடங்களில் எலும்பிலிருந்தோ தசையின் உறையிலிருந்தோ கிளம்பும் உறுதியான நார்கள் எல்லா அடுக்குகளையும் ஊடுருவி வந்து தோலைப் பிடித்திருக்கின்றன. இவற்றைப் பிணைப்பு நார்கள் எனலாம். கன்ன எலும்பின் மேல் ஒரு தொகுதி இருக்கிறது; மெல்லும் தசையின் முன்னோரத்தில் இன்னொன்று; கீழ்த்தாடையில் மோவாய்க்குச் சற்றுப் பக்கவாட்டில் மற்றொன்று.

வயது ஏறும்போது தோலின் கொலாஜனும் மீள்தன்மையும் குறைகின்றன. கொழுப்புப் பொதிகள் சில இடங்களில் வற்றுகின்றன, சில இடங்களில் இறங்குகின்றன. தாடை எலும்பே கொஞ்சம் தேய்ந்து, மேலே இருப்பதைத் தாங்கும் பரப்பு குறைகிறது. பல் விழுந்தவர்களுக்கு இந்தத் தேய்மானம் கூடுதல். கன்னத்துச் சதை இப்படி இறங்கி வரும்போது தாடையிலுள்ள பிணைப்பு நார் மட்டும் தன் இடத்தை விட்டுக் கொடுப்பதில்லை. அதன் முன்பக்கம் தோல் இறுகப் பிடிக்கப்பட்டிருக்க, பின்பக்கம் இறங்கிய கொழுப்பு தாடைக் கோட்டுக்குக் கீழே பை போல் தொங்குகிறது. மோவாயிலிருந்து காது வரை நேராக ஓடிய தாடைக்கோடு நடுவில் உடைந்து தெரிவது இதனால்தான். வாயோரத்திலிருந்து கீழ்நோக்கி விழும் கோடும் இதே கதையின் இன்னொரு பகுதி.

ஆகவே கீழ்முகத் தொய்வில் நான்கு காரணங்கள் கலந்திருக்கின்றன: தோல் மிகுதியாகிவிட்டது, கொழுப்பு இடம் மாறிவிட்டது, எலும்பு குறைந்துவிட்டது, நார் ஓரிடத்தில் மட்டும் விடாமல் பிடித்திருக்கிறது. நூல் இவற்றில் இரண்டாவதை மட்டுமே தொடுகிறது.

நூல் எப்படிச் செலுத்தப்படுகிறது

சிகிச்சைக்கு வருபவரை முதலில் நிமிர்ந்து உட்கார வைத்து முகத்தில் கோடு போடுவார்கள். படுத்தால் கன்னம் தானாகவே காதுப் பக்கம் சரிந்து தொய்வு மறைந்துவிடும் என்பதால் உட்கார்ந்த நிலை முக்கியம். நெற்றிப்பொட்டில் முடி தொடங்கும் இடத்திலோ காதுக்கு முன்னாலோ நுழைவுப் புள்ளி குறிக்கப்படும். அங்கிருந்து தாடையோரத் தொங்கலை நோக்கி நூல் போகும் பாதைகள் வரையப்படும்.

நுழைவுப் புள்ளியில் மரத்துப்போகும் ஊசி போட்டு, சிறு துளை இட்டு, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள, முனை மழுங்கிய குழாய் ஊசியான கேனுலாவை உள்ளே செலுத்துவார்கள். நூல் அதற்குள்ளேயே இருக்கும். கேனுலா தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு அடுக்கில் கன்னம் நெடுக நகர்ந்து தாடையோரத்தை அடைந்ததும் அதை வெளியே உருவுவார்கள். நூல் உள்ளே தங்கிவிடும். பிறகு வெளியே நீட்டியிருக்கும் நூல்முனையை இழுத்துக்கொண்டே மறு கையால் கன்னத்தை மேல்நோக்கித் தள்ளுவார்கள். நூலின் முட்கள் கொழுப்பிலும் அதிலுள்ள நார் இழைகளிலும் மாட்டிக்கொள்ளும். எஞ்சிய முனையைத் தோலோடு ஒட்ட வெட்டினால் அது உள்ளே போய்விடும். பக்கத்துக்கு மூன்று நான்கு நூல்கள் இப்படிப் போடுவது வழக்கம்.

ஆழத்தைச் சரியாகப் பிடிப்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. மேலோட்டமாகப் போனால் நூல் தோலை உள்ளிழுத்துக் குழி விழும். சில சமயம் நூலே வரியாகத் தெரியும். ஆழமாகப் போனால் உமிழ்நீர்ச் சுரப்பியும் முகநரம்பின் கிளைகளும் இருக்கும் பகுதியைத் தொடும். இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான்.

நூல்களின் வகை

முகத்தை உயர்த்த முள்நூலைப் பயன்படுத்தும் வழக்கம் 1990-களின் பிற்பகுதியில் ரஷ்யாவில் மார்லென் சுலமனிட்ஸே என்ற அறுவை மருத்துவரிடமிருந்து பரவியது. அவர் பயன்படுத்தியது கரையாத பாலிப்ரொப்பிலீன் நூல். 2000-களின் நடுவில் அமெரிக்காவிலும் கரையாத முள்நூல்கள் பிரபலமாயின. பலன் நிலைக்காததும் நூல் வெளியே துருத்துவது போன்ற தொல்லைகளும் சேர்ந்து அந்த அலையை அடக்கின.

இப்போது பெரும்பாலும் கரையும் நூல்கள்தான். மிகுதியாகப் புழங்குவது பி.டி.ஓ. எனப்படும் பாலிடயாக்சனோன். வயிற்று அறுவையிலும் பிற அறுவைகளிலும் பல ஆண்டுகளாகத் தையலுக்குப் பயன்படும் அதே பொருள் இது. உடலிலுள்ள நீர் இதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்து, ஆறிலிருந்து எட்டு மாதங்களில் கரைத்துவிடும். பாலிலாக்டிக் அமிலத்தாலும் பாலிகாப்ரோலாக்டோனாலும் செய்த நூல்கள் கரைய ஓராண்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும்.

விளம்பரங்கள் சொல்லாத ஒரு வேறுபாடு இங்கே இருக்கிறது. நூல் முழுதாகக் கரையும் காலம் வேறு, நூல் இழுவிசையைத் தாங்கும் காலம் வேறு. பி.டி.ஓ. நூல் எட்டு மாதம் உள்ளே கிடந்தாலும், அதன் வலிமை முதல் வாரங்களிலிருந்தே குறையத் தொடங்குகிறது. மெல்லிய நூல்களில் நான்கு வாரத்திலேயே பாதிக்கு மேல் போய்விடும். அதோடு, முட்களை நூலின் உடலிலேயே வெட்டி உண்டாக்கியிருந்தால், வெட்டிய இடங்களில் நூல் மெலிந்துவிடும். அதே தடிமனுள்ள சாதா நூலை விட அது முன்னதாக அறும். அச்சில் வார்த்து முள் உண்டாக்கிய நூல்கள் இதில் கொஞ்சம் மேல்.

பலன் ஏன் கொஞ்சம்

முகத்தை உயர்த்தும் அறுவையோடு ஒப்பிட்டால் விடை எளிதாகக் கிடைக்கும். அந்த அறுவையில் மருத்துவர் காதைச் சுற்றித் தோலைத் திறந்து, ஸ்மாஸ் படலத்தை இறுக்குகிறார் அல்லது தூக்கி வைக்கிறார். ஆழமான முறைகளில், சதையை ஓரிடத்தில் பிடித்து வைத்திருக்கும் பிணைப்பு நார்களையும் விடுவிக்கிறார். கடைசியில் மிஞ்சும் தோலை வெட்டி எடுத்துவிடுகிறார். உறுதியான படலம் சுமையைத் தாங்குவதால் மேலே உள்ள தோலை இழுவையில்லாமல் மூட முடிகிறது.

நூலில் இந்த மூன்றும் இல்லை. நார் விடுவிக்கப்படுவதில்லை. ஆகவே மேலே இழுக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் நார் எதிர்த்து இழுக்கிறது. தோல் வெட்டப்படுவதில்லை. ஆகவே கீழே குறையும் தோல் மேலே காதுக்கு முன்னாலும் நெற்றிப்பொட்டிலும் சுருங்கிக் குவிகிறது. மேலும் இழுத்தால் அந்தச் சுருக்கம் வெளியே தெரியும். சுமையை ஏற்பது ஸ்மாஸ் அல்ல, மென்மையான கொழுப்பு. இந்த மூன்று வரம்புகளுக்குள் கிடைக்கும் இடமே சில மில்லிமீட்டர்.

சரியான முகத்தில் அந்தச் சில மில்லிமீட்டரும் கண்ணுக்குத் தெரியும். தாடைக்கோட்டின் சிறு உடைப்பு நேராகும். வாயோரக் கோடு கொஞ்சம் தளரும். ஆனால் கழுத்துத் தொய்வையோ, கனத்துத் தொங்கும் தாடையையோ, மெலிந்து சுருங்கிய தோலையோ இது சரிசெய்யாது.

பலன் ஏன் கொஞ்ச காலம்

நூல் கரைவதுதான் முழுக் காரணம் என்றால், கரையாத நூல் போட்டவர்களுக்குப் பலன் நிலைத்திருக்க வேண்டும். அப்படி நிலைக்கவில்லை. 2009-இல் அமெரிக்க முக அறுவை மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்த ஓர் ஆய்வு இதைக் காட்டியது. நூல் சிகிச்சை பெற்ற 33 பேரை ஆய்வாளர்கள் சராசரியாக 21 மாதங்கள் பின்தொடர்ந்தார்கள். இவர்களில் சிலருக்கு நூல் மட்டும், மற்றவர்களுக்கு நூலோடு வேறு சிகிச்சைகளும் செய்யப்பட்டிருந்தன. யாருக்கு எது செய்யப்பட்டது என்று தெரியாத அறுவை மருத்துவர்களிடம் முன்-பின் படங்களைக் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். முதல் மாதத்தில் எல்லோரிடமும் முன்னேற்றம் தெரிந்தது. நீண்ட கால முடிவில், நூல் மட்டும் போட்டவர்களிடம் எஞ்சியது மிகக் குறைவு. முதல் மாதத்து முன்னேற்றத்தில் பெரும் பங்கு வீக்கத்தாலும் அழற்சியாலும் வந்தது என்பது ஆய்வாளர்களின் முடிவு.

நூல் உள்ளே முழுதாக இருக்கும்போதே சதை கீழே இறங்குகிறது என்றால், நூலுக்கும் சதைக்கும் உள்ள பிடி விட்டுப்போகிறது என்று பொருள். அவித்த முட்டையை நூலால் அறுப்பதைப் போல, இழுவையில் இருக்கும் மெல்லிய நூல் மென்மையான கொழுப்பை மெல்ல அறுத்துக்கொண்டு நகர்கிறது. மெல்லுதல், பேசுதல், கொட்டாவி, ஒருக்களித்துப் படுத்தல் என நாள் முழுவதும் கன்னம் ஆயிரக்கணக்கான முறை அசைகிறது. ஒவ்வோர் அசைவும் முள்ளின் பிடியைத் துளித் துளியாகத் தளர்த்துகிறது. சில முட்கள் மடங்குகின்றன. சில, மாட்டியிருந்த இழையை அறுத்துக்கொண்டு நழுவுகின்றன. தொய்வை உண்டாக்கிய புவியீர்ப்பும் வயதும் இதற்கிடையே நிற்பதில்லை.

‘நூல் கரைந்தாலும் அதைச் சுற்றி உருவாகும் கொலாஜன் முகத்தைத் தாங்கும்’ என்றும் சொல்லப்படுகிறது. வெளிப்பொருளைச் சுற்றி உடல் நார்த்திசுவை உண்டாக்குவது உண்மைதான். தோலின் தன்மை கொஞ்சம் மேம்பட்டதாகச் சிலருக்குத் தோன்றவும் செய்யலாம். ஆனால் அது நூலைச் சுற்றிய மெல்லிய உறை; அதன் எந்த முனையும் எலும்போடு கட்டப்படவில்லை. தொங்கும் கன்னத்தின் சுமையை ஏற்கும் பிணைப்பு நாராக அது மாறுவதில்லை.

ஒரு முகத்தின் ஓராண்டு

வழக்கமான போக்கைக் காண, 47 வயதுப் பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். அவருக்குத் தாடையோரத்தில் மிதமான தொங்கல், நடுத்தரத் தடிமனுள்ள தோல், ஒல்லியும் பருமனும் அல்லாத முகம். பக்கத்துக்கு நான்கு பி.டி.ஓ. முள்நூல்கள் போடப்படுகின்றன.

அன்று மாலை கன்னம் தேவைக்கு மேல் ஏறியிருக்கும். காதுக்கு முன்னால் தோல் சுருங்கியிருக்கும். முதல் வாரம் வீக்கம், கன்றிப்போதல், வாயை அகலத் திறந்தால் சுருக்கென்ற வலி. மல்லாந்து படுக்க வேண்டும், மென்மையான உணவு உண்ண வேண்டும், முகத்தைப் பிசையக் கூடாது. பல் மருத்துவரிடம் வாயை நெடுநேரம் திறந்திருக்கும் சிகிச்சையைச் சில வாரங்கள் தள்ளிப்போட வேண்டும். இரண்டாம் வாரத்தில் சுருக்கம் சமனாகும்.

நான்காம் வாரத்தில் முகம் மிக அழகாக இருக்கும். தாடைக்கோடு நேராகத் தெரியும். மிச்சமிருக்கும் மெல்லிய வீக்கம் கன்னத்துக்குப் பூரிப்புத் தரும். பெரும்பாலான விளம்பரப் படங்கள் இந்தக் காலத்தில் எடுத்தவை. மூன்றாம் மாதம் வீக்கம் முழுதாக வடிந்ததும், நூலின் உண்மையான பங்கு எவ்வளவு என்று தெரியவரும். அது நான்காம் வாரத்தில் கண்டதை விடக் குறைவு. ஆறாம் மாதம் தாடைக்கோட்டில் பழைய உடைப்பு மீண்டும் தலைகாட்டும். பன்னிரண்டாம் மாதம், முதல் நாள் படத்தோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு மிகச் சிறிது அல்லது இல்லை. 160 பேரைக் கொண்டு 2019-இல் வெளிவந்த ஓர் இத்தாலிய ஆய்வும் முள்நூலின் பலன் ஓராண்டுக்குள் பழைய நிலைக்குத் திரும்புவதையே கண்டது.

எது தவறலாம், எப்படித் தெரியும்

வீக்கமும் கன்றலும் தவறுகள் அல்ல. அவை எதிர்பார்க்க வேண்டியவை. தோலில் குழி விழுவது அடுத்த பரவலான தொல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கொன்றில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது வந்திருந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கூடுதல். முதல் சில நாள் குழி தானே சமனாவது உண்டு. இரண்டு வாரம் கடந்தும் சிரிக்கும்போது ஒரே இடத்தில் குழி விழுந்தால், நூல் தோலின் அடிப்பகுதியைப் பிடித்திருக்கிறது என்று பொருள். மருத்துவர் விரலால் பிசைந்தோ, ஊசிமுனையால் பிடியை விடுவித்தோ அதைச் சரிசெய்வார். வீட்டில் பிசைந்தால் மற்ற நூல்களின் பிடியும் போய்விடும்.

நுழைவுப் புள்ளியில் நூல்முனை கரும்புள்ளியாகவோ கூராகவோ தட்டுப்பட்டால் நூல் வெளிவருகிறது. அதை இழுக்கவோ வெட்டவோ கூடாது. அந்தத் திறப்பு கிருமிக்கு வழி. மூன்று நாளுக்குப் பிறகு குறைய வேண்டிய வலியும் சிவப்பும் கூடினாலோ, சீழ் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அது தொற்று. சில சமயம் நூலையே எடுக்க வேண்டிவரும்.

இரண்டு அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. சாப்பிடும் நேரத்தில் மட்டும் கன்னம் புடைத்து வலித்தால், உமிழ்நீர்ச் சுரப்பியோ அதன் நாளமோ காயப்பட்டிருக்கலாம். மரத்துப்போகும் மருந்தின் விளைவு நீங்கிய பிறகும் வாயின் ஒரு பக்கம் கீழிறங்காமல் சிரிப்பு கோணினால் நரம்புக் கிளை பாதிக்கப்பட்டிருக்கலாம். இவை அரிது; ஆனால் வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

யாருக்குப் பொருந்தும்

தொய்வு தொடங்கும் நிலையில், தோல் ஓரளவு தடிமனாக, முகம் அதிகக் கனமில்லாமல் இருப்பவர்களுக்கு நூல் அதிகம் கைகொடுக்கும். மெல்லிய தோலில் நூல் வரியாகத் தெரியும். கனத்த கன்னத்தை முட்களால் தாங்க முடியாது. கழுத்துத் தோல் தொங்குபவர்களுக்கு நூல் போடுவது பணத்தை வீணாக்குவதுதான்.

கண்ணாடி முன் உட்கார்ந்தே இதை ஓரளவு சோதித்துப் பார்க்கலாம். காதுக்கு முன்னால் விரல் வைத்து, தோலை மேலும் பின்னும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகத் தள்ள வேண்டும். அந்தச் சிறு நகர்விலேயே தாடைக்கோடு மனத்துக்கு நிறைவாக நேரானால், நூல் சில மாதங்களுக்கு ஏறக்குறைய அதைத் தரலாம். இரண்டு மூன்று சென்டிமீட்டர் இழுத்தால்தான் விரும்பிய முகம் கிடைக்கிறது என்றால், அது அறுவையின் வேலை.

மருத்துவமனை காட்டும் படங்களையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். மோவாயைக் கொஞ்சம் உயர்த்தினாலே தாடையோரத் தொங்கல் பாதி மறையும். மேலிருந்து விழும் வெளிச்சம் அதைக் கூட்டிக் காட்டும், முன்னிருந்து விழும் வெளிச்சம் மறைக்கும். முன்-பின் படங்களில் மோவாயின் கோணமும் வெளிச்சமும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘பின்’ படம் எத்தனை மாதத்துக்குப் பிறகு எடுத்தது என்ற கேள்விக்கு ஆறு மாதத்துக்குக் குறைந்த விடை வந்தால், அந்தப் படத்தில் தெரிவதில் எவ்வளவு நூல், எவ்வளவு வீக்கம் என்று பிரிக்க முடியாது.

செலவையும் காலத்தால் வகுத்துப் பார்ப்பது நல்லது. அறுவையின் பலன் பொதுவாகப் பத்தாண்டுகளை ஒட்டி நிற்கும்; அதற்கு வடு, மயக்க மருந்து, வாரக்கணக்கில் ஓய்வு என்ற விலை உண்டு. நூலின் பலனைத் தக்கவைக்க ஆண்டுதோறும் நூல் போட்டால், ஒரு முறைச் செலவு குறைவு என்ற ஆதாயம் சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். திரும்பத் திரும்பப் போட்ட நூல்களைச் சுற்றி உருவாகும் வடுத்திசு, பிற்பாடு அறுவை செய்துகொள்ள முடிவெடுத்தால் மருத்துவர் அடுக்குகளைப் பிரிப்பதற்கு இடைஞ்சலாகவும் இருக்கலாம். அதனால் ஒரு திருமணத்துக்கோ குறிப்பிட்ட சில மாதங்களுக்கோ மிதமான மாற்றம் போதும் என்பவருக்கு நூல் ஒரு தெரிவு. நிலையான மாற்றம் வேண்டுபவர், அறுவைக்குத் தயாராகும் வரை பணத்தைச் சேர்த்து வைப்பதே மேல்.